மங்கலான திரைக்குள் ஒரு துடிப்பு பிறந்த கதை

1989ல் ஆர்னால்ட் வில்கின்ஸ் என்ற பிரிட்டிஷ் உளவியலாளரும் அவருடைய சகாக்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அலுவலகத்தில் வேலை செய்கிறவர்களுக்கு வாரத்தில் எத்தனை முறை தலைவலி வருகிறது என்று கணக்கெடுத்து, அதை அவர்கள் தலைக்கு மேலே எரிந்த ட்யூப்லைட்டோடு பொருத்திப் பார்த்த ஆய்வு அது. சில அறைகளில் பழைய சோக் போட்ட விளக்குகள் இருந்தன. நொடிக்கு 50 முறை அலையும் மின்சாரத்தில் எரிந்ததால், அவற்றின் வெளிச்சம் நொடிக்கு 100 முறை ஏறி இறங்கியது. மற்ற அறைகளில் இருந்தவை எலெக்ட்ரானிக் சோக் விளக்குகள். அவை சுமார் 32,000 ஹெர்ட்ஸில் இயங்கியதால் அந்த ஏற்ற இறக்கம் ஏறக்குறைய மறைந்துபோயிருந்தது. எந்த விளக்கு எந்த வகை என்று அங்கே உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரியாது. பாதியில் விளக்குகளை மாற்றியும் பார்த்தார்கள். துடிப்பில்லாத விளக்கின் கீழ் தலைவலியும் கண்வலியும் சராசரியாகப் பாதிக்கும் கீழே குறைந்தன.

நொடிக்கு 100 முறை துடிக்கும் வெளிச்சத்தை யாராலும் நேராகப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கண்ணுக்கு அது ஒரே சீரான ஒளிதான். ஆனாலும் அது உடம்பில் வேலை செய்கிறது என்பதை அந்த ஆய்வு காட்டியது. அதன் பிறகு உலகமெங்கும் எலெக்ட்ரானிக் சோக் பரவியது. மின்சாரச் சிக்கனம் அதற்கு முக்கியக் காரணம் என்றாலும், கண்ணுக்கும் நன்மை கூடவே கிடைத்தது. கூரையிலிருந்து இப்படி விரட்டப்பட்ட துடிப்பு, பிறகு முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில், கைக்குள்ளேயே வந்து உட்கார்ந்தது. அது எப்படி வந்தது என்று தெரிந்தால், அதை எப்படிச் சமாளிப்பது என்பதும் விளங்கும்.

பழைய லேப்டாப் திரைகளுக்குப் பின்னால் பென்சிலை விட மெலிந்த ஒரு ட்யூப்லைட் இருந்தது. திரையின் வெளிச்சத்தைக் குறைக்க அந்தக் குழலை நொடிக்கு இருநூறு முறை போல அணைத்து அணைத்து எரியவிட்டார்கள். எரியும் நேரத்தைச் சுருக்கினால் திரை மங்கும், நீட்டினால் பிரகாசிக்கும். இந்த முறைக்கு பி.டபிள்யூ.எம் என்று பெயர். ஆனால் குழலின் உட்சுவரில் பூசிய பாஸ்பர், மின்சாரம் நின்ற பிறகும் சில மில்லி விநாடி மினுங்கிக்கொண்டே இருக்கும். ஒரு மினுங்கல் அடங்குவதற்குள் அடுத்தது வந்துவிடும். அதனால் வெளிச்சம் அலைந்ததே தவிர அறுந்து அறுந்து விழவில்லை. தொந்தரவு இருந்தது, ஆனால் தாங்கக்கூடிய அளவில் இருந்தது.

அடுத்து வந்தது வெள்ளை எல்.இ.டி. ஜப்பானில் நிச்சியா நிறுவனத்தில் வேலை பார்த்த ஷுஜி நகமுரா 1993ல் பிரகாசமான நீல எல்.இ.டி.யைக் கொண்டுவந்தார். அதன் மேல் மஞ்சள் பாஸ்பரைப் பூசி வெள்ளை ஒளி தரும் எல்.இ.டி. சில ஆண்டுகளில் சந்தைக்கு வந்தது. 2007ல் ஆப்பிள் தன் மேக்புக் ப்ரோவில் பாதரசம் கலந்த குழலை எடுத்துவிட்டு எல்.இ.டி. பின்னொளியை வைத்தது. அடுத்த சில ஆண்டுகளில் எல்லா லேப்டாப்பும் மானிட்டரும் அந்த வழிக்கே வந்தன. பாதரசம் போனதும், திரை மெலிந்ததும், பேட்டரி நீடித்ததும் உண்மையான ஆதாயங்கள்.

வெளிச்சத்தைக் குறைக்கும் சுற்று மட்டும் பழைய பழக்கத்திலேயே நின்றது. நொடிக்கு அதே இருநூறு முறைதான். ஆனால் வெள்ளை எல்.இ.டி.யின் மஞ்சள் பாஸ்பர் ஒரு மைக்ரோ விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம்கூட மினுங்காது. மின்சாரம் நின்ற கணமே முழு இருட்டு. முன்பு அலையாக இருந்தது இப்போது கத்தியால் வெட்டிய மாதிரி ஆனது. 200 ஹெர்ட்ஸில் ஒரு சுற்றுக்கு 5 மில்லி விநாடி. திரையை 20 சதவீத வெளிச்சத்தில் வைத்தால், அதில் 1 மில்லி விநாடி முழு வெளிச்சம், மீதி 4 மில்லி விநாடி கும்மிருட்டு. திரை மங்கியிருப்பதாகத் தோன்றுவது கண் போடும் சராசரிக் கணக்கு. இரவில் கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று வெளிச்சத்தைக் குறைத்தவருக்கே தலைவலி கூடியதன் காரணம் இதுதான்: குறைக்கக் குறைக்க இருட்டுப் பகுதி நீள்கிறது.

எல்.சி.டி. திரைகளில் இதற்குத் தீர்வு எளிது. எல்.இ.டி.யை அணைத்து அணைத்து எரியவிடாமல், அதற்குள் பாயும் மின்னோட்டத்தையே குறைத்தால் போதும். மானிட்டர் நிறுவனங்கள் 2013 வாக்கில் இதைச் செய்யத் தொடங்கின. பென்க்யூ போன்றவை துடிப்பில்லாத மானிட்டர் என்பதையே விற்பனைச் செய்தியாக முன்வைத்தன. கொஞ்சம் கூடுதல் செலவு, நிறத்தில் லேசான மாற்றம் என்பதைத் தவிர வேறு இழப்பு பெரிதாக இல்லை. மேஜை மேல் இருந்த பிரச்சினை பெருமளவு அத்தோடு தீர்ந்தது. இன்றைக்கு வாங்கும் நல்ல மானிட்டரில் இந்தத் துடிப்பு இருந்தால் அதற்குச் சாக்கு எதுவும் கிடையாது என்பது என் கருத்து.

போன்களின் கதை வேறு திசையில் போனது. 2010ல் சாம்சங்கின் கேலக்ஸி எஸ், 2017ல் ஐபோன் எக்ஸ் என்று விலையுயர்ந்த போன்கள் ஓலெட் திரைக்கு மாறின. ஓலெட் திரைக்குப் பின்னொளி என்று ஒன்று இல்லை. ஒவ்வொரு புள்ளியும் தானே எரிகிறது. ஒவ்வொரு புள்ளிக்கும் எவ்வளவு மின்னோட்டம் போகவேண்டும் என்பதை அதனடியில் இருக்கும் ஒரு மிகச்சிறிய டிரான்சிஸ்டர் தீர்மானிக்கிறது. இப்படி லட்சக்கணக்கான டிரான்சிஸ்டர்கள். தொழிற்சாலையில் ஒன்றாக வார்த்தாலும் எதுவும் இன்னொன்றைப் போல அப்படியே இருக்காது. ஒன்று கொஞ்சம் சீக்கிரம் திறக்கும், இன்னொன்று கொஞ்சம் தாமதமாகத் திறக்கும்.

முழு வெளிச்சத்தில் இந்த வித்தியாசம் கண்ணில் படாது. மங்கலான வெளிச்சத்தில் படும். வரிசையாக நிற்கும் தெருக்குழாய்களை முழுதாகத் திறந்தால் எல்லாக் குடமும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் நிரம்பிவிடும். எல்லாவற்றையும் நூலிழை போல ஒழுகும்படி வைத்துப் பாருங்கள்: ஒன்று ஒழுகும், ஒன்று சொட்டும், ஒன்று நின்றேபோகும். மிகக் குறைந்த மின்னோட்டத்தில் ஓலெட் புள்ளிகளும் அப்படித்தான். சாம்பல் நிறப் பின்னணியில் திட்டுத்திட்டாக அழுக்குப் படிந்தது போலத் தெரியும். ஓரிடம் பச்சையாகவும் ஓரிடம் இளஞ்சிவப்பாகவும் சாயும். கரும்பகுதியில் இருக்கும் நுணுக்கங்கள் ஒரே கறுப்பாக அமிழ்ந்துபோகும்.

திரை செய்தவர்கள் இதற்குக் கண்ட மருந்துதான் துடிப்பு. புள்ளிக்குப் போகும் மின்னோட்டத்தைக் குறைக்காமல், டிரான்சிஸ்டர் ஒழுங்காக நடந்துகொள்ளும் அளவிலேயே வைத்துக்கொண்டு, எரியும் நேரத்தை மட்டும் சுருக்கினார்கள். அப்போது நிறம் சாயாது, திட்டுத் தெரியாது. திரை இரவிலும் அழகாக இருக்கும். இதற்காக ஒவ்வொரு வரிசைப் புள்ளிகளுக்கும் ஒரு தனிச் சுவிட்சு உண்டு. அதனால் திரை முழுவதும் ஒரே நேரத்தில் அணைவதில்லை. கறுப்புப் பட்டைகள் மேலிருந்து கீழாக ஓடிக்கொண்டே இருக்கும். பல போன்களில் நொடிக்கு 240 முறை. கெட்ட எண்ணத்தாலோ சிக்கனத்தாலோ மட்டும் பிறந்தது என்று இந்தத் துடிப்பைச் சொல்ல முடியாது. ஒரு நிஜமான கோளாறுக்கு மருந்தாக வந்தது. அந்த மருந்து சிலருடைய தலைக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

240 முறை துடிப்பதைக் கண்ணால் பிடிக்க முடியாதே, பிறகு ஏன் வலிக்க வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. கண் அசையாமல் நின்றால் அது உண்மை. ஆனால் படிக்கும்போது கண் நிற்பதில்லை. நொடிக்கு மூன்று நான்கு முறை தாவுகிறது. திரையை விட்டு நிமிர்ந்து எதிரே இருப்பவரைப் பார்த்துத் திரும்பினால் இன்னும் பெரிய தாவல். அப்படி ஒரு தாவலில் கண் நொடிக்கு 400 பாகை வேகத்தில் சுழல்கிறது என்று வைத்துக்கொள்வோம். 240 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு மின்னலுக்கும் அடுத்த மின்னலுக்கும் இடையில் கண் 1.7 பாகை நகர்ந்துவிடும். கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் அகலம் எவ்வளவோ, கிட்டத்தட்ட அவ்வளவு தூரம். ஒரே எழுத்து விழித்திரையில் அந்த இடைவெளி விட்டு வரிசையாகப் பதியும். நிலையான ஒளியாக இருந்தால் அது வெறும் கீற்றாகக் கலைந்துபோகும். ஜேம்ஸ் ராபர்ட்ஸும் அதே வில்கின்ஸும் 2013ல் வெளியிட்ட ஆய்வில், இப்படிக் கண் தாவும்போது 1,000 ஹெர்ட்ஸைத் தாண்டிய துடிப்பையும் மனிதர்கள் உணர்ந்தது தெரியவந்தது.

ஐ.ஈ.ஈ.ஈ. என்ற பொறியாளர் சங்கம் 2015ல் எல்.இ.டி. ஒளிக்கு வகுத்த 1789 என்ற வழிகாட்டியை இங்கே உரைகல்லாக வைத்துப் பார்க்கலாம். அது விளக்குகளை மனதில் வைத்து எழுதப்பட்டது, இருந்தாலும் அளவு புரிய உதவும். 90 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட துடிப்புக்கு, துடிப்பின் எண்ணிக்கையை 0.08ஆல் பெருக்கினால் வரும் சதவீதத்துக்குள் ஏற்ற இறக்கம் இருந்தால் ஆபத்து குறைவு என்கிறது அது. 240ஐ 0.08ஆல் பெருக்கினால் 19 சதவீதம் சொச்சம். மங்கலாக வைத்த ஓலெட் திரையில் ஒவ்வொரு புள்ளியும் முழுதாக அணைந்து எரிவதால் ஏற்ற இறக்கம் 100 சதவீதம். அனுமதித்ததைப் போல ஐந்து மடங்கு. முழுதாக அணைந்து எரியும் ஒளி இந்தக் கணக்கில் தேறவேண்டுமானால் நொடிக்கு 1,250 முறையாவது துடிக்கவேண்டும். எந்த விளைவுமே தென்படாத எல்லைக்குப் போக 3,000 வேண்டும்.

புகார் சொன்னவர்கள் எல்லோரும் அல்ல, ஒரு பகுதியினர்தான். கண் எரிச்சல், நெற்றிப்பொட்டில் வலி, சிலருக்குக் குமட்டல். பழைய எல்.சி.டி. போனுக்குத் திரும்பினால் விட்டுப்போகிறது, புதிய போனை எடுத்தால் வந்துவிடுகிறது என்று சொன்னார்கள். பக்கத்தில் இருப்பவருக்கு ஒன்றும் ஆகாததால் அவர்கள் சொன்னதை வெகுநாள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இது எனக்கு இன்றும் உறுத்தும் விஷயம். 1989லேயே அளந்து காட்டப்பட்ட ஒன்றை, முப்பது ஆண்டு கழித்துப் பயனர்கள் மறுபடி நிரூபிக்க வேண்டியிருந்தது.

2019ல் சீன நிறுவனங்கள் இறங்கிவந்தன. ஷாவ்மி, ஒப்போ, ஒன்பிளஸ் ஆகியவை தங்கள் ஓலெட் போன்களில் ‘டி.சி. டிம்மிங்’ என்ற பொத்தானைக் கொடுத்தன. ஒன்பிளஸ் அதை முக்கிய அமைப்புகளுக்குள் வைக்காமல், சோதனைக்கூடம் என்ற தனிப் பகுதிக்குள் வைத்தது. இதைப் போட்டால் மங்கலான வெளிச்சத்தில் படத்தின் தரம் குறையலாம் என்ற எச்சரிக்கையும் இருந்தது. பொத்தானை அழுத்தினால் என்ன நடக்கிறது? அணைத்து எரிக்கும் வேலையைக் குறிப்பிட்ட வெளிச்சத்துக்குக் கீழே கொண்டுபோகாமல் திரை நிறுத்திக்கொள்கிறது. அதற்கும் கீழே மங்க வேண்டுமானால் படத்தின் நிற எண்களையே குறைக்கிறது. வெள்ளையைச் சாம்பலாக வரைகிறது என்று சொன்னால் சரியாக இருக்கும்.

துடிப்பு போகும்போது, அது எந்தக் கோளாறை மறைத்ததோ அந்தக் கோளாறு திரும்பி வரும். அதற்கு ஓர் உதாரணக் கணக்கு. இரவில் உங்களுக்கு 20 நிட் வெளிச்சம் போதும், உங்கள் போன் கடுமையாகத் துடிக்கத் தொடங்குவது 90 நிட்டுக்குக் கீழே என்று வைத்துக்கொள்வோம். வெளிச்சத்தை 90லேயே நிறுத்திவிட்டு, மீதியை நிறத்தால் குறைக்கவேண்டும். 20ஐ 90ஆல் வகுத்தால் 0.22. திரையின் நிற எண்ணும் ஒளியும் நேர்விகிதத்தில் இல்லை, 2.2 என்ற அடுக்கில் இருப்பதால், 255 என்ற வெள்ளை 128க்கு இறங்கும். அதாவது கறுப்பிலிருந்து வெள்ளைக்கு இருந்த 256 படிகளில் பாதிதான் மிஞ்சும். எழுத்தைப் படிக்க இது தாராளம். இரவுக் காட்சி நிறைந்த படம் பார்த்தால், வானத்தில் பட்டை பட்டையாகப் படிகள் தெரியும். நிழலில் நிற்பவரின் முகம் இருட்டில் கரையும். தலைவலிக்கும் இதற்கும் நடுவே எது பெரிது என்பது அவரவர் முடிவு. எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

இந்தப் பொத்தான் இல்லாத போனிலும் இதே வேலையைச் செய்யலாம். ஆண்ட்ராய்டு 12லிருந்து Extra dim என்று ஓர் அமைப்பு இருக்கிறது. ஐபோனில் Accessibility பகுதிக்குள் Display & Text Size என்பதில் Reduce White Point இருக்கிறது. இரண்டுமே படத்தின் நிறத்தைத்தான் குறைக்கின்றன. பலர் செய்கிற தவறு, வெளிச்சத்தையும் அடிமட்டத்துக்கு இறக்கி இதையும் போடுவது. அப்போது துடிப்பு அப்படியே இருக்க, படமும் கெடும். தானியங்கி வெளிச்சத்தை நிறுத்திவிட்டு, வெளிச்சக் கோலைத் துடிப்பு தொடங்கும் இடத்துக்கு மேலேயே வைத்து, மீதியை இந்த அமைப்பால் இறக்கவேண்டும். லினக்ஸ் லேப்டாப்பில் எக்ஸ் சர்வர் ஓடினால் ஒரு வரி போதும்:

```
xrandr --output eDP-1 --brightness 0.5
```

இது பின்னொளியைத் தொடாது, படத்தை மட்டும் மங்கலாக்கும். லேப்டாப்பில் எல்.சி.டி. திரை என்றால் ஒரு குறை: பின்னொளி முழுதாக எரிவதால் கறுப்பு சாம்பலாகவே வெளிறி நிற்கும், பேட்டரியும் கூடுதலாகச் செலவாகும். ஓலெட்டில் அந்தக் குறை இல்லை.

துடிப்பு தொடங்கும் இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? இன்னொரு போனின் கேமராவை ப்ரோ மோடில் வைத்து, ஷட்டர் வேகத்தை 1/2000 நொடிக்குக் கொண்டுபோங்கள். வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து ஒவ்வொரு நிலையிலும் ஒரு படம் எடுங்கள். ப்ரோ மோட் இல்லையென்றால் ஸ்லோ மோஷன் வீடியோவும் உதவும். தடித்த கறுப்புப் பட்டைகள் தோன்றும் இடம்தான் எல்லை. ஒரு விஷயத்தில் குழம்பக்கூடாது. ஓலெட் திரை ஒவ்வொரு முறை படத்தைப் புதுப்பிக்கும்போதும் ஒரு மெல்லிய, மங்கலான கோடு ஓடும். அது முழு வெளிச்சத்திலும் இருக்கும், டி.சி. முறையிலும் இருக்கும். ஆழம் குறைந்தது, பெரும்பாலும் தொந்தரவில்லாதது. வெளிச்சம் குறையக் குறையத் தடிக்கும் பட்டைதான் நாம் தேடுவது. கேமரா இல்லாமலும் பார்க்கலாம். இருட்டறையில் வெள்ளைத் திரைக்கு முன்னால் ஒரு பென்சிலை வேகமாக விசிறுங்கள். வெறும் நிழற்கீற்றாகத் தெரிந்தால் நல்லது. தனித்தனிப் பென்சில்களாக வரிசை கட்டினால் திரை துடிக்கிறது. 240 ஹெர்ட்ஸ் திரையில், பத்தில் ஒரு நொடியில் வீசிய பென்சில் 24 பென்சிலாகத் தெரியும்.

2021லிருந்து நிறுவனங்கள் வேறு வழியையும் பிடித்தன. துடிப்பை நிறுத்தாமல், அதை வேகப்படுத்துவது. ஹுவாவேய் பி50 ப்ரோ 1,440 ஹெர்ட்ஸ் என்றது. ஹானர் 2024ல் மேஜிக்6 ப்ரோவில் 4,320க்குப் போனது. மேலே சொன்ன கணக்கில் இது முழுதாகத் தேறும் அளவு. நிறமும் கெடாது. 2025ல் ஐபோன் 17 வந்தபோது ஆப்பிளும் Accessibility பகுதிக்குள் Display Pulse Smoothing என்ற பொத்தானைச் சேர்த்தது. தன் ஓலெட் போன்களில் துடிப்பைத் தவிர்க்க அந்த நிறுவனம் ஒரு வழி திறக்க எட்டு ஆண்டு ஆகியிருக்கிறது.

இவை எதுவும் கைகொடுக்காவிட்டால், அறையில் ஒரு விளக்கைப் போட்டுக்கொள்வதுதான் மிச்சம் இருக்கும் வழி. சுற்றிலும் வெளிச்சம் இருந்தால் திரையை அடிமட்டத்துக்கு இறக்கும் தேவையே வராது. மலிவான எல்.இ.டி. பல்பும் நொடிக்கு 100 முறை துடிக்கக்கூடும் என்பதால் அதையும் அதே கேமராவால் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பட்டைகளே இல்லாத நிலையிலும் வலி தொடர்ந்தால் திரைத்துடிப்பு காரணம் இல்லை. கண்ணாடியின் பவர், கண் வறட்சி, ஒற்றைத் தலைவலி என்று கண் மருத்துவர் பார்க்கவேண்டியவை வேறு இருக்கின்றன.

புதுப் போன் வாங்கும்போது விளம்பரத்தில் போட்டிருக்கும் எண்ணை மட்டும் நம்பவேண்டாம். சில போன்கள் மிகக் குறைந்த வெளிச்சத்தில் மட்டுமே அந்த உயர்ந்த எண்ணில் துடிக்கும், இடைப்பட்ட வெளிச்சத்தில் வேறு முறைக்கு மாறிவிடும். கடையில் காட்சிக்கு வைத்த போனை எடுத்து, வெளிச்சத்தைப் பாதிக்கும், பிறகு ஐந்தில் ஒரு பங்குக்கும் இறக்கி, இரண்டு இடத்திலும் உங்கள் போனால் 1/2000 நொடியில் ஒரு படம் எடுங்கள். ஏதாவது ஒன்றில் விரல் தடிமனில் கறுப்புப் பட்டை விழுந்தால், துடிப்பை நிறுத்தும் பொத்தான் அமைப்புகளுக்குள் இருக்கிறதா என்று அங்கேயே தேடிப் பாருங்கள். இருந்தால் அதைப் போட்டு மறுபடி ஒரு படம் எடுங்கள். இல்லையென்றால், உங்களுக்குத் தலைவலி வரும் வாகு உண்டு என்பது தெரிந்திருக்கும் பட்சத்தில், அந்தப் போனை அங்கேயே வைத்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.